முட்டம் செம்மணலுக்கு வயது பார்க்க: கார்பனா, மணல் ஒளியா?

முட்டம் பக்கத்துச் செம்மணல் மேட்டில் கரித்துண்டோ மரமோ கிடைப்பது அரிது. ரேடியோகார்பனுக்கு ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருள் வேண்டும். அப்படியே ஒரு சிப்பி கிடைத்தாலும், அது சிப்பி செத்த காலத்தைத்தான் சொல்லும். மணல் குவிந்த காலத்தை அல்ல. பழைய சிப்பியைக் காற்றும் அலையும் புது மணலில் கொண்டுவந்து போடுவது சகஜம். ஏறத்தாழ 50,000 ஆண்டுக்கு மேல் கார்பன் முறைக்கு எட்டவும் எட்டாது.

ஒளிர்வு முறை குவார்ட்ஸ் மணலையே கேட்கிறது: கடைசியாக வெயில் பட்டது எப்போது? வெயில் பட்டால் பழைய சேமிப்பு அழிந்துவிடும்; புதைந்த பின் சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியக் கதிர்வீச்சின் ஆற்றல் மணல் மணிக்குள் மறுபடி சேர்கிறது. வெட்டுமுகத்தில் இரும்புக் குழாயை அடித்து, வெளிச்சம் படாமல் எடுத்து, மங்கிய சிவப்பு விளக்கில் பிரித்து அளக்கிறார்கள். இந்த அளவைக் கிரே என்ற அலகில் சொல்வார்கள். சேர்ந்த அளவு 40 கிரே, ஆயிரம் ஆண்டுக்கு 2 கிரே வீதம் என்றால் வயது 20,000 ஆண்டு.

மணவாளக்குறிச்சியில்தான் சிக்கல். அங்கே மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் அதிகம். வீதம் 10 கிரே என்று வைத்தால் அதே 40 கிரேவுக்கு வயது 4,000 ஆண்டுதான். குவார்ட்ஸ் சுமார் 150 கிரேவில் நிரம்பிவிடும் என்றால், 15,000 ஆண்டோடு கணக்கு முடிந்தது. அங்கே நல்ல சிப்பி கிடைத்தால் நான் கார்பனுக்கே போவேன். முட்டத்துச் செம்மணலுக்கு ஒளிர்வுதான்.