ஊர்ப்புற வயலும் நகரத்து மனையும்: விற்றால் வரி எதற்கு, எதற்கு இல்லை?

ஒருவர் 2010 மே மாதத்தில் 6 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய இடத்தை 2025 ஜூனில் 48 லட்சத்துக்கு விற்கிறார். லாபம் 42 லட்சம். அது மதுரைக்குள் இருக்கும் வீட்டுமனை என்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதமாக 5.25 லட்சம், அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 5.46 லட்சம் வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியது என்பதால், பணவீக்கத்துக்கு ஏற்ப அசலை உயர்த்தி 20 சதவீதம் கட்டும் பழைய வழியும் அவருக்கு உண்டு. அப்படிக் கணக்கிட்டால் அசல் சுமார் 13.5 லட்சமாக உயரும். ஆனால் வரி 7 லட்சத்தைத் தாண்டிவிடும். இங்கே 12.5 சதவீதமே லாபம்.

அதே விலைக்கு வாங்கி விற்றது ஊர்ப்புறத்தில் பயிர் செய்த நஞ்சை என்றால் மூலதன ஆதாய வரி ஒரு ரூபாய்கூட இல்லை. இதை வரிச்சலுகை என்று நினைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். கிராமப்புற விவசாய நிலத்தை வருமான வரிச் சட்டம் ‘மூலதனச் சொத்து’ என்ற வரையறைக்குள்ளேயே சேர்ப்பதில்லை. மூலதனச் சொத்து இல்லையென்றால் மூலதன ஆதாயமும் இல்லை. 1970 வரை எல்லா விவசாய நிலமும் இப்படி வெளியேதான் இருந்தது. நகரத்தை ஒட்டிய நிலங்களை அந்த ஆண்டுதான் வரிக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆகவே நிலம் இரண்டு சோதனைகளில் தேற வேண்டும். முதலாவது, இருக்கும் இடம். 10,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் நிலம் இருக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே இருந்தாலும் போதிய தூரம் தள்ளி இருக்க வேண்டும். நகரின் மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. மக்கள்தொகைக்கு இன்றைக்கும் 2011 கணக்கெடுப்புதான் ஆதாரம்.

அதில் சேலம் மாநகராட்சி 10 லட்சத்துக்குக் கீழ், மதுரை அதற்கு மேல். அதனால் சேலம் எல்லையிலிருந்து 7 கிலோமீட்டரில் இருக்கும் வயல் தப்பிக்கும், மதுரை எல்லையிலிருந்து அதே தூரத்தில் இருப்பது மாட்டிக்கொள்ளும். தவறு அதிகம் நடப்பது அளப்பதில்தான். பேருந்து நிலையத்திலிருந்து சாலை வழியாக அளக்கிறார்கள். அளக்க வேண்டியதோ நகராட்சி எல்லைக் கோட்டிலிருந்து, நேர்கோட்டில். சாலையில் 9 கிலோமீட்டர் வருவது நேர்கோட்டில் 7 ஆகலாம். பெரிய நகரை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்துச் சிறு நகராட்சியை மறப்பதும் உண்டு. மதுரையிலிருந்து 8 கிலோமீட்டர் தாண்டிய நிலம் திருமங்கலம் நகராட்சிக்கு 2 கிலோமீட்டருக்குள் வந்தால் வரி உண்டு. அருகில் பேரூராட்சி இருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு. எல்லை விரிந்துகொண்டே போகும் ஊர்களில், விற்ற நாளில் எல்லை எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது சோதனை, நிலத்தின் தன்மை. கிராமத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. கிராமத்து நத்தம் மனைக்கும், பிளாட் போட்டு விற்ற மனைக்கும் வரி உண்டு. பட்டாவில் புஞ்சை என்று இருப்பதை மட்டும் நம்பவும் முடியாது. சூரத் நிலம் ஒன்று பற்றிய 1993 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்றே இருந்தது, தீர்வையும் கட்டப்பட்டிருந்தது. ஆனால் விற்பதற்கு முன் சில ஆண்டுகளாகச் சாகுபடி இல்லை. வேறு பயன்பாட்டுக்கு அனுமதி வாங்கி, வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சதுர கஜக் கணக்கில் விற்றிருந்தார்கள். அது விவசாய நிலமல்ல என்று தீர்ப்பானது. அடங்கலில் வரிசையாகத் ‘தரிசு’ என்று இருந்தாலோ, விற்கும் முன் மனைப்பிரிவு அனுமதி வாங்கியிருந்தாலோ இதே சிக்கல்தான்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு: நகர எல்லைக்குள் சிக்கிய, ஆனால் உண்மையாகவே பயிர் செய்த நிலம். இதற்கு வரி உண்டு, தப்ப வழியும் உண்டு. விற்பதற்கு முந்தைய 2 ஆண்டுகள் விற்பவரோ அவருடைய பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருந்து, விற்ற 2 ஆண்டுகளுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அதில் போட்ட அளவுக்கு ஆதாயம் கழியும். புதிய நிலத்தை 3 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. வீட்டுமனைக்கு இந்த வழி கிடையாது.

30 லட்சமும் அதற்கு மேலும் போகும் கிரயத்தைப் பத்திரப் பதிவு அலுவலகம் வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். வரி இல்லாத வயலுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வருவது இதனால்தான். ஆகவே சில ஆண்டு அடங்கல் நகல், சிட்டா, எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரத்தைக் குறித்து வட்டாட்சியர் தரும் சான்று, விளைச்சலை விற்ற ரசீது ஆகியவற்றைக் கிரயத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிலம் கைமாறி அங்கே கட்டடம் எழும்பிய பிறகு, அது வயலாக இருந்தது என்று நிரூபிப்பது மிகவும் கடினம்.