புது பெயிண்ட் பூசிய பழைய நடைவண்டியில் ஏமாந்தேன்

பெரம்பூர் பக்கம் பழைய மரச்சாமான் விற்கும் ஒரு கடையில் போன மாதம் நடைவண்டி ஒன்று வாங்கினேன். விலை 900 ரூபாய். பளபளவென்று சிவப்பு பெயிண்ட், கைப்பிடிக்குக் கீழே கம்பியில் கோத்த மூன்று மர உருண்டைகள். என் பையனுக்கு ஒன்பது மாதம். பிளாஸ்டிக் வாக்கர் வேண்டாம், நடைவண்டிதான் வேண்டும் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்காரர், "பழைய மரம் மேடம், உறுதியா இருக்கும். பெயிண்ட் எல்லாம் புதுசு, பயமே வேண்டாம்" என்றார்.

அந்தப் புது பெயிண்ட்தான் பிரச்சினை.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். துணி ரோஸ் கலராகிவிட்டது. கடைக்கு போன் செய்தால், புது பெயிண்ட் முதலில் அப்படித்தான் வருமாம். நானும் நம்பினேன். நன்றாகக் காய்ந்த எனாமல் ஈரத்துணியில் வராது என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள். பல் முளைக்கிற குழந்தை கைப்பிடியை விட்டுவைக்குமா? உதட்டோரம் சிவப்பாக எதுவோ ஒட்டியிருந்தது. ரத்தமென்று பதறினேன், பார்த்தால் பெயிண்ட் செதில். கடித்த இடத்தில் மேலே சிவப்பு, அதன் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. தேய்த்து எடுக்காமல் பழைய பெயிண்ட் மேலேயே பூசியிருக்கிறார்கள். வழவழப்பான பழைய பூச்சின்மேல் புதியது பிடிக்காது, உரியும்போது அடியில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு வரும்.

அந்த மஞ்சளும் பச்சையும்தான் பயமுறுத்தின. பழைய எனாமல்களில் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சைக்கு விஷ உலோகமான ஈயம் கலந்த நிறமிகளைப் போடுவது சாதாரணம். வீட்டு பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் வீட்டு, அலங்கார பெயிண்ட்டுக்கு மட்டும். தொழிற்சாலைச் சாமானுக்கு அடிக்கும் பெயிண்ட் அதில் சேராது. கடைக்காரர் எந்த டின்னிலிருந்து பூசினார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே மேலே இருந்த சிவப்பையும் நம்ப முடியாது.

குழந்தை டாக்டரிடம் ஓடினோம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் உடனே வாந்தி, காய்ச்சல் என்று எதுவும் காட்டாமலே இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்ப்பதே வழி என்றார். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் வந்தது. 5-ஐத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டுமென்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். ஆனால் இதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று ஒரு அளவே கிடையாதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

வண்டியை வாசலில் வைத்து நிதானமாகப் பார்த்தது அதற்கப்புறம்தான். மர உருண்டைகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. லேசாக முறுக்கி இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. ஐந்து ரூபாய் நாணய அகலம்தான் இருக்கும். டிஷ்யூ ரோல் தீர்ந்தபின் மிஞ்சுகிற அட்டைக்குழாயில் போட்டேன், தங்கு தடையில்லாமல் விழுந்தது. அந்தக் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையின் தொண்டையில் அடைக்கலாம். சிறு பாகங்கள் தொண்டையில் அடைக்குமா என்று பொம்மைகளைச் சோதிக்கும் உருளை 3.2 சென்டிமீட்டர்கூட அகலமில்லாதது. அட்டைக்குழாய் அதைவிடக் கொஞ்சம் பெரிது, அதனால் நமக்குப் பாதுகாப்பான பக்கம்தான். ஆனால் குழாயில் போடுவதற்கு முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும்வரை எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

சக்கரத்தைக் கழற்றினால் அச்சைச் சுற்றி முடி, எண்ணெய்ப் பிசுக்கு, கரப்பான் எச்சம். மேலே தெரிகிற இடத்தை மட்டும் துடைத்துவிட்டு சுத்தம் என்று நினைத்திருக்கிறேன்! மரத்தைத் தண்ணீரில் ஊறவைக்கவும் முடியாது, நம்ம ஊர் ஈரத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து வெயிலில் காயவைக்கலாம், அவ்வளவே.

"உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு நானே வேற பெயிண்ட் அடிக்கிறேன்" என்றார் கணவர். டாக்டர் கண்டிப்பாக வேண்டாம் என்றார். ஈயம் கலந்த பெயிண்ட்டைத் தேய்த்தால் தூசு வீடு முழுக்கப் பரவும், தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். வண்டி நின்ற மூலையைப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தூக்கிப் போட்டோம்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "எங்க தாத்தா காலத்துல எல்லாரும் இதுலதான் நடந்தாங்க" என்றார். அத்தைக்கே கோபம் வந்துவிட்டது: "அந்தக் காலத்து வண்டிக்கு ஏதுப்பா பெயிண்ட்?"

குப்பையில் அப்படியே வைத்தால் யாராவது எடுத்து இன்னொரு கோட் அடித்து விற்பார்கள். அதனால் சக்கரங்களைக் கழற்றி, கம்பியையும் பிடுங்கிவிட்டு, கட்டையை உரச் சாக்கில் கட்டி, மேலே "பெயிண்ட் விஷம், எரிக்காதீர்கள்" என்று எழுதி மாநகராட்சி வண்டியில் கொடுத்தோம்.