டாஷ்போர்டா, ஸ்லைடு தொகுப்பா, ஒரு பக்கக் கடிதமா?

சிறு வாடிக்கையாளருக்கு மாதாந்திர மார்க்கெட்டிங் அறிக்கை தர மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் டாஷ்போர்டு, இருபது பக்க ஸ்லைடு தொகுப்பு, ஒரு பக்கக் கடிதம். மூன்றையும் ஒரே கணக்கில் உரசிப் பார்க்கலாம். போன மாதம் இணையதளத்துக்கு 1,200 வருகைகள், படிவம் வழியாக 36 விசாரணைகள் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் வருகைகள் 1,500, விசாரணைகள் 30.

டாஷ்போர்டு வருகைக்குப் பச்சை அம்பும் விசாரணைக்குச் சிவப்பு அம்பும் காட்டும். ஏன் என்று சொல்லாது. வடிகட்டிகளை மாற்றி மாற்றித் தேடினால் விடை கிடைக்கும்தான். தொழிலைத் தனியாளாக நடத்துபவருக்கு அதற்கு நேரம் ஏது? மார்க்கெட்டிங்குக்கென்றே ஓர் ஊழியரை வைத்திருப்பவருக்கு மட்டும் இது போதும்.

ஸ்லைடு தொகுப்பு நிறைய உழைத்ததாகத் தோற்றம் தரும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கூகுள் விளம்பரப் பக்கத்தில் 18 விசாரணைகள், மெட்டா பக்கத்தில் 19 என்று இருக்கும். கூட்டினால் 37, வந்ததோ 30தான். ஒரே ஆள் இரண்டு விளம்பரங்களையும் தொட்டிருந்தால் இரண்டு தளங்களும் அவரைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும். வாடிக்கையாளர் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டால் மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார்.

கடிதம் எழுத உட்காருபவர் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். எண்களைக் கருவிவாரியாகப் பிரிக்கிறார். கணினியில் இரண்டு மாதமும் 500 வருகைகள், 20 விசாரணைகள், மாற்றமே இல்லை. கைப்பேசியிலோ 700 வருகைகளுக்கு 16 ஆக இருந்தது 1,000 வருகைகளுக்கு 10 ஆகிவிட்டது. கூடுதல் வருகை பொருத்தமற்ற ஆட்களாக இருக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணமென்றால் பழைய 16 குறைந்திருக்காது. கைப்பேசியில் படிவத்தைத் திறந்து பார்க்கிறார்: புதிதாகச் சேர்த்த அறிவிப்புப் பட்டை ‘அனுப்பு’ பொத்தானை மறைத்து நிற்கிறது. கடிதத்தின் முதல் பத்தி இப்படி அமைகிறது:

“கைப்பேசி விசாரணைகள் 16இலிருந்து 10ஆகக் குறைந்தன. அறிவிப்புப் பட்டை பொத்தானை மறைப்பதே காரணம் என்று கருதுகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் அதை நாங்கள் நகர்த்துகிறோம். அடுத்த மாதம் 1,000 கைப்பேசி வருகைகளுக்கு 20 விசாரணைகளாவது வராவிட்டால் விளம்பரம் யாரைச் சென்றடைகிறது என்று பார்ப்போம். அதுவரை விளம்பரச் செலவை உயர்த்த வேண்டாம்.”

என் ஓட்டு இதற்கே. ஆனால் எழுதுபவர் தவறாகக் கணித்தால் அந்தத் தவறும் இதே உறுதியோடுதான் ஒலிக்கும். அதனால் டாஷ்போர்டு இணைப்பைக் கீழே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு விசாரணைகள் மூன்றானதை ‘50 சதவீத வளர்ச்சி’ என்று எழுதுவதும் கூடாது. அவ்வளவு சிறிய எண்களுக்கு மூன்று மாதக் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ‘இந்த மாதம் எதையும் மாற்ற வேண்டாம்’ என்றே எழுதலாம். முதல் தேதியே அனுப்பிவிடவும் வேண்டாம்: கூகுள் அனலிட்டிக்ஸில் கடைசி நாள்களின் கணக்கு முழுமையாகச் சேர 48 மணி நேரம் வரை ஆகும்.