நாலு கேள்வியா, ஒரே கேள்வியா: புது நொறுக்குத்தீனி பாக்கெட்டுக்கு விலை கேட்கும் இரண்டு வழிகள்

50 கிராம் கேழ்வரகு ரிப்பன் பக்கோடா பாக்கெட்டைக் கடைக்கு அனுப்பும் முன் விலையைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

வான் வெஸ்டெண்டார்ப் 1976-இல் முன்வைத்த முறையில் விலையை நாம் சொல்வதில்லை. பாக்கெட்டைக் கையில் கொடுத்து நான்கு கேள்வி கேட்கிறோம்: எந்த விலை என்றால் தரத்தையே சந்தேகிப்பீர்கள்? எது மலிவு? எது கொஞ்சம் அதிகம், ஆனாலும் வாங்கலாம்? எதற்கு மேல் வாங்கவே மாட்டீர்கள்? ஒவ்வொரு விலையிலும் எத்தனை சதவீதம் பேர் அப்படி நினைப்பார்கள் என்று நான்கையும் கோடுகளாக வரைந்தால், ‘சந்தேகம்’ கோடும் ‘கொஞ்சம் அதிகம்’ கோடும் வெட்டும் இடம் கீழ் எல்லை. ‘மலிவு’ கோடும் ‘வாங்கமாட்டேன்’ கோடும் வெட்டும் இடம் மேல் எல்லை. எடையைச் சொல்லாமல் கேட்டால் ஆளுக்கொரு அளவை நினைத்துப் பதில் சொல்வார்கள், வீச்சு வீணாக விரியும். நான்கு விலையும் ஏறுவரிசையில் இல்லாத பதில்களை நீக்கிவிட வேண்டும்.

ஆனால் இந்த வீச்சு, எத்தனை பேர் வாங்குவார்கள் என்று சொல்லாது. அதற்குத்தான் கேபர்-கிரேஞ்சர் முறை: “இந்த விலைக்கு வாங்குவீர்களா?” ஆம் என்றால் விலையை ஏற்று, இல்லை என்றால் இறக்கு. உதாரணத்துக்கு, 100 பேரில் 10 ரூபாய்க்கு 80 பேர், 15-க்கு 60, 20-க்கு 38 பேர் சரி என்றால் வரவு 800, 900, 760. ஆக 15 ரூபாய். எல்லோருக்கும் குறைந்த விலையிலேயே தொடங்கினால் அடுத்த விலைகள் எல்லாம் விலையேற்றமாகத் தெரியும். ஆளுக்கு ஆள் தொடக்க விலையை மாற்றுங்கள்.

முற்றிலும் புதிய பண்டம் என்றால் முதலில் நாலு கேள்வி, கிடைத்த வீச்சுக்குள் அடுத்தது. விலை வீச்சு ஏற்கெனவே தெரிந்த சிப்ஸ் போன்றவற்றுக்கு இரண்டாவது மட்டுமே போதும்.