மில்லின் ஆள் சொன்ன விலைக்கு மில்காரர் பொறுப்பா? மூன்று வழிகள்

பிசான அறுவடை முடிந்த நேரம். அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி மில். அதற்காகச் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கமெல்லாம் நெல் பிடித்துத் தருகிற ஆள் ஒருவர் உண்டு. பல பருவங்களாக அவரே விலை பேசுவார், மில் பெயர் அச்சிட்ட சீட்டில் எடையும் விலையும் எழுதித் தருவார், மில்லில் பணம் வந்துவிடும். இந்தத் தடவை மில்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, குவிண்டாலுக்கு 2,300 ரூபாய்க்கு மேல் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரோ வீரவநல்லூர் விவசாயி ஒருவரிடம் 80 குவிண்டால் அம்பை 16 நெல்லை 2,450 என்று பேசிச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். நெல் லாரியில் மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

பணம் கேட்கப் போனால், "நானா வே ஒம்மகிட்ட வெல சொன்னேன்?" என்கிறார் மில்காரர். "உங்க ஆளு சொன்ன வெலயத்தான அண்ணாச்சி கேக்கேன்" என்கிறார் விவசாயி. இடையில் நிற்பது 12,000 ரூபாய்.

நான் கற்பனையாக அமைத்த வழக்குதான் இது, ஆனால் இதில் நடக்காதது எதுவும் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் விவசாயிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பணத்துக்குத்தான் போகின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் நிரூபிக்க வேண்டியது வேறு. எதை முதலில் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

முதல் வழி, அந்த ஆளுக்கு உண்மையிலேயே அதிகாரம் இருந்தது என்று வாதிடுவது. சட்டத்தின் மொழியில் அவர் முகவர், மில்காரர் முதலாளி. முகவர் அதிகாரத்துக்கு எழுத்து வேண்டியதில்லை. வாய்ச்சொல் போதும், நடப்பிலிருந்தும் ஊகிக்கலாம் (பிரிவுகள் 186, 187). ஒரு வேலையை ஒப்படைத்தால் அந்த வேலையில் வழக்கமாகச் செய்ய வேண்டியதெல்லாம் அதில் அடங்கும் என்கிறது பிரிவு 188. நெல் பிடிக்க அனுப்பியவருக்கு எடை போடவும் லாரி பேசவும் தனித்தனி அனுமதி வேண்டாம். ஆனால் நம் வழக்கில் இந்த வழி நொண்டுகிறது. 2,300-க்கு மேல் கூடாது என்று தெளிவாகச் சொன்ன பிறகு, மில்காரருக்கும் ஆளுக்கும் இடையே 2,450-க்கு அதிகாரமே இல்லை. அந்தப் பேச்சு நடந்த அறையில் விவசாயி இல்லை, அங்கே என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சியும் எதிர்ப்பக்கத்து ஆட்கள்தான். மூன்றில் இதைத்தான் நான் பலவீனமானது என்பேன்.

இரண்டாவது வழி பிரிவு 237. அதிகாரம் இல்லாத முகவர் ஒரு வேலை செய்தாலும், அது அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று வெளியாரை நம்பச் செய்தது முதலாளியின் சொல்லோ நடத்தையோ என்றால், முதலாளி கட்டுப்பட்டவர். சட்டத்திலேயே இதற்கு ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. சரக்கை விற்கக் கொடுத்தவர், குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்காதே என்று முகவரிடம் சொல்லிவைக்கிறார். அந்த உத்தரவு தெரியாத ஒருவர் குறைந்த விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்கிறார். சரக்குக்காரர் அதற்குக் கட்டுப்பட்டவர். நம் வழக்கு அப்படியே அதன் மறுபக்கம்: அங்கே விற்பவரின் கீழ்வரம்பு, இங்கே வாங்குபவரின் மேல்வரம்பு.

இங்கே எல்லாரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. "எனக்கு முழு அதிகாரம் இருக்கு, நான் சொன்னா மொதலாளி சொன்ன மாதிரி" என்று முகவர் சொன்னது இந்தப் பிரிவில் செல்லாது. நம்பிக்கையை உண்டாக்கியது முதலாளியாக இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1997-இல் ஹர்ஷத் ஷா வழக்கில், எல்.ஐ.சி. முகவர் ஒருவர் பாலிசிதாரரிடம் பிரீமியத்தைக் காசோலையாக வாங்கி வைத்துக்கொண்டார். பணத்தை அவர் எல்.ஐ.சி.யில் கட்டியபோது பாலிசிதாரர் விபத்தில் இறந்திருந்தார். பிரீமியம் வசூலிக்க முகவர்களுக்கு அதிகாரமில்லை என்று விதிமுறையே இருந்தது, உண்டு என்று எல்.ஐ.சி. யாரையும் நம்பவைக்கவும் இல்லை. அதனால் எல்.ஐ.சி. கட்டுப்படவில்லை. 1999-இல் பசந்தி தேவி வழக்கில், ஊழியர்களின் சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கும் திட்டத்தை டெல்லி மின் வாரியத்தின் மூலம் நடத்தியது எல்.ஐ.சி.யே. வாரியம் பணத்தைக் கட்டாமல் விட்டபோது எல்.ஐ.சி.யால் நழுவ முடியவில்லை. வசூலிக்கும் வேலையை அந்த ஊழியர்களின் கண்ணெதிரே வாரியத்திடம் ஒப்படைத்தது எல்.ஐ.சி.தானே. எல்.ஐ.சி. தன் பக்கத்திலிருந்து என்ன காட்டியது என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு.

இதை மில்லுக்குக் கொண்டுவந்தால், விவசாயியின் பலம் எங்கே என்று தெரியும். மில் பெயர் அச்சிட்ட சீட்டுப் புத்தகத்தை அந்த ஆள் கையில் கொடுத்தது மில்காரர். முந்தைய பருவங்களில் அதே கையெழுத்துக்குப் பணம் கொடுத்ததும் அவரே. பழைய சீட்டுகளும், அந்தத் தொகை வந்த வங்கிப் பாஸ்புக் பக்கமும்தான் இந்த வழக்கின் உயிர். ஊரில் பலரும் பணம் வந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். தயவுசெய்து வைத்திருங்கள். வழக்கை உடைப்பவையும் உண்டு: வரம்பு 2,300 என்று விவசாயிக்கு முன்பே தெரிந்திருந்தால் எல்லாம் போயிற்று. சந்தையே 2,300-இல் இருக்க 4,000 என்று பேசியிருந்தால், நம்பினேன் என்று சொல்வதே எடுபடாது.

இதே வழி எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கலாம். அந்த ஆள், "அடுத்த கார் சாகுபடிக்கு மில்லுலேர்ந்து 20,000 முன்பணம் வாங்கித் தாரேன்" என்றும் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். முன்னெப்போதும் மில் அப்படிக் கொடுத்ததில்லை என்றால் அந்த வாக்குக்கு மில்காரர் பொறுப்பில்லை. ஆனால் அதைக் காட்டி நெல் விலையையும் அவர் மறுக்க முடியாது. பிரித்தெடுக்கக் கூடியதைப் பிரித்து, அதிகாரத்துக்கு உட்பட்ட பகுதியை மட்டும் கட்டுப்படுத்தச் சொல்கிறது பிரிவு 227.

மூன்றாவது வழி பின்னேற்பு, பிரிவு 196 தொடங்கி. அதிகாரமில்லாமல் செய்ததை முதலாளி பிறகு ஏற்றுக்கொண்டால், முதலிலேயே அதிகாரம் கொடுத்தது போல ஆகிவிடும். வாயால் ஏற்க வேண்டும் என்றில்லை, நடத்தை போதும். நெல்லை அவித்து அரைத்து அரிசியாக விற்றுவிட்டு, விலை மட்டும் என்னுடையதல்ல என்பது செல்லாது. ஒரு பகுதியை ஏற்றால் முழுப் பேரமும் ஏற்றதாகும் (பிரிவு 199). ஆனால் முக்கிய விவரம் தெரியாமல் ஏற்றது ஏற்பாகாது (பிரிவு 198). "2,300-தான்னு நெனச்சு அரைச்சேன்" என்று அவர் சொல்ல இடமுண்டு. அதனால் இங்கே எல்லாமே சீட்டின் நகல் எப்போது மில்லுக்குப் போனது என்பதைப் பொறுத்தது. லாரியோடு போய்க் கணக்குப்பிள்ளை பதிந்திருந்தால், வேலையின் போக்கில் அவருக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் (பிரிவு 229). நெல் இன்னும் குடோனில் கிடக்கிறதென்றால், 2,450 என்று குறிப்பிட்டு அன்றைக்கே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் அரைத்தால் தெரிந்தே அரைத்ததாகும்.

என் தேர்வு இதுதான்: நெல் மில்லுக்குள் போய்விட்டதென்றால் பின்னேற்பை முன்னால் வைத்து, 237-ஐ அதற்குத் துணையாகச் சேர்த்துக் கேட்க வேண்டும். நெல் இன்னும் களத்திலேயே கிடக்க, மில்காரர் எடுக்க மறுக்கிறார் என்றால் பின்னேற்பே கிடையாது, 237 மட்டும்தான். முகவர் மேலேயே நஷ்டஈடு கேட்க பிரிவு 235 இடம் தருகிறது, ஆனால் அது மில்காரர் கட்டுப்படவில்லை என்று ஆன பிறகுதான். கமிஷனில் பிழைக்கிற ஒருவரிடமிருந்து 12,000 வசூலாகுமா என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மில்காரர்களுக்கும் ஒன்று உண்டு. ஆளை நிறுத்திவிட்டேன் என்று அவரிடம் சொன்னால் மட்டும் போதாது. வெளியாரைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தெரியும்வரை முகவாண்மை முடியவில்லை என்கிறது பிரிவு 208. அதன் எடுத்துக்காட்டில் மெட்ராஸ்காரர் ஒருவர் பம்பாயில் கிடக்கும் பஞ்சை விற்கச் சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று இன்னொரு கடிதம் எழுதுகிறார். அந்த இரண்டாம் கடிதம் தெரியாதவர் பஞ்சை வாங்கிப் பணத்தை முகவரிடம் கொடுக்கிறார், முகவர் ஓடிவிடுகிறார். கொடுத்த பணம் செல்லும், நஷ்டம் மெட்ராஸ்காரருக்கு. ஆகவே நிறுத்துகிற அன்றைக்கே சீட்டுப் புத்தகத்தைத் திரும்ப வாங்குங்கள், அவர் நெல் பிடித்த ஊர்களில் ஒவ்வொரு விவசாயிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.