ஓடிபியைச் சொல்லாமலே பணம் போனது: கும்பகோணத்தில் ஒரு காலை

மூன்று வார விடுமுறையில் டொரொண்டோவிலிருந்து கும்பகோணம் வந்திருந்தேன். வந்த ஐந்தாம் நாள் காலை பதினொன்றேகால் மணிக்கு நான் பால் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, ஓய்வுபெற்ற ஆசிரியையான என் பெரியம்மா கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்து, அதில் ஒருவர் சொல்லச் சொல்ல எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். முந்தைய வாரம் இணையத்தில் வாங்கிய மிக்ஸி ஜாருக்கு இரண்டு முறை பணம் எடுக்கப்பட்டுவிட்டதாகவும், 1,499 ரூபாயைத் திருப்பித் தர வாடிக்கையாளர் சேவையிலிருந்து அழைப்பதாகவும் அந்த நபர் சொல்லியிருந்தார். பெரியம்மா யாரிடமும் பணம் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் பொருளின் பெயரும் விலையும் சரியாக இருந்ததால் நம்பிவிட்டார்.

முதலில், பணம் அனுப்பும்போது பிழை வருவதாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பின் வழியே ஒரு செயலியை நிறுவச் சொன்னார்கள். தொலைவிலிருந்து திரையைப் பார்க்க உதவும் அத்தகைய செயலிகள் கணினிப் பழுது பார்ப்பவர்கள் அன்றாடம் பயன்படுத்துபவை. அவற்றில் தவறு எதுவுமில்லை. செயலி காட்டிய ஒன்பது இலக்க எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். அதன்பின், திரையில் தெரியும் கடவுச்சொற்களும் செய்திகளும் அடுத்தவருக்குத் தெரியும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. “அது வழக்கமா வர்றதுதாம்மா, கீழே இருக்கிற ‘Start now’ அழுத்துங்க” என்றாராம்.

பிறகு வங்கிச் செயலியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். பல வங்கிச் செயலிகள் திரையைப் பகிரும்போது எதிர்முனைக்குக் கறுப்பாகவே தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. சில திறக்கவே மறுக்கும். இங்கும் எதுவும் தெரியாமல் போனதால்தான், குரோமில் ஒரு பணம் திரும்பப்பெறும் படிவத்தைத் திறக்க வைத்து, டெபிட் கார்டு எண்ணையும் காலாவதித் தேதியையும் பின்புறமுள்ள மூன்று இலக்கத்தையும் நிரப்பச் சொன்னார்கள். அவர் நிரப்பியதை எண் எண்ணாக அங்கே பார்த்து, வேறொரு தளத்தில் பணம் செலுத்தப் பயன்படுத்தினார்கள். உடனே ஓடிபி குறுஞ்செய்தியாக வந்தது. அது திரையின் மேல் விளிம்பில் சில விநாடிகள் தோன்றி மறையும் அறிவிப்புதான்; ஆனால் அவர்களுக்கு அந்தச் சில விநாடிகள் போதும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதைப் பெரியம்மா நன்றாக அறிந்தவர். அவர் சொல்லவும் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. ஆண்ட்ராய்டு 15-இல் திரையைப் பகிரும்போது ஓடிபி அறிவிப்புகளின் உள்ளடக்கம் மறைக்கப்படுகிறது. பெரியம்மாவின் கைப்பேசி அதைவிடப் பழையது.

நான் கவனித்தது திரையின் மேற்பகுதியில் இருந்த, திரை பகிரப்படுவதைக் காட்டும் சிறு குறியை. கைப்பேசியை உடனே அணைத்துவிட்டேன். அதற்குள் 24,500 ரூபாயும் 19,900 ரூபாயும் போயிருந்தன.

என் கைப்பேசியிலிருந்து, கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அழைத்துக் கார்டை முடக்கினோம். அடுத்து இணையக் குற்றப் புகார்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைத்தோம். தமிழில் பேசிய அந்தப் பெண் ஊழியர் எங்களைக் குறை சொல்லாமல், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் மட்டும் கேட்டுப் பதிந்துகொண்டார், பிறகு cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுமையாக்கச் சொன்னார். ஊருக்கு வந்து நான் பெற்ற சேவைகளிலேயே நன்றி சொல்ல வேண்டியது இதற்குத்தான். 19,900 ரூபாய் போய்ச் சேர்ந்த இடத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. முதல் தொகை அதற்குள் கைமாறிவிட்டது.

வங்கிக் கிளையில் அனுபவம் வேறு. கார்டு விவரத்தை வாடிக்கையாளரே தந்ததால் வங்கி பொறுப்பேற்காது என்றார்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையும் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை, அவரே ஏற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது. ஆகவே வங்கியிடம் சொன்ன நேரத்துக்குச் சான்று வைத்திருப்பது முக்கியம். எங்கள் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுத்தில் தர, கிளையில் இரண்டு நாள் அலையவிட்டார்கள். எழுபதை நெருங்கும் ஒருவரை அப்படி நிற்கவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் டொரொண்டோவில் இருந்திருந்தால் அப்போது நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். எனவே, புதிய கார்டு வந்ததும் அதில் இணையவழிப் பயன்பாட்டை வங்கிச் செயலியிலேயே நிறுத்திவைத்தோம். வாங்கும் தேவை வரும்போது மட்டும் அவரே திறந்து மூடுகிறார். நிறுவிய செயலியை நீக்கி, வங்கிக் கடவுச்சொல்லையும் யுபிஐ பின்னையும் மாற்றினோம். நிறுத்திவைத்த தொகை கைக்கு வர மனு தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மனுவில் பெரியம்மா நேற்று கையெழுத்திட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம்.