வரவேற்பு வீடியோ: முழு உரையா, குறிப்புச் சீட்டா?

கோத்தகிரியில் ஓர் இளைஞர் குழுத் தலைவர் புது உறுப்பினர்களை அழைத்து ஒரு நிமிட வீடியோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு உரையை எழுதி வாசிப்பதில் நேரம் கைக்குள் நிற்கும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள்தான். ஆனால் "சமூக நலனில் அக்கறை கொண்ட இளைஞர்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று எழுத்துநடை தானாக வந்து உட்காரும். கண்ணும் வரிவரியாக இடமிருந்து வலம் ஓடும். பார்ப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

குறிப்புச் சீட்டில் நான்கே குறிப்புகள்: யாருக்கு, என்ன வேலை, எப்போது, பயம். அதை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் கீழே ஒட்டிவிட்டுப் பேசினால் இப்படி வரும்: "காலேஜ் லீவுல ஊருக்கு வந்திருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் வாங்க. ரோட்டோரத்துல கிடக்கிற பிளாஸ்டிக் பொறுக்கப் போறோம். கையுறை நாங்க தர்றோம். யாரையும் தெரியாதேன்னு தயங்காதீங்க, நான் வாசல்லயே நிப்பேன்."

கடைசி வரிதான் ஆளைக் கொண்டுவரும். புதியவரைத் தடுப்பது பெரும்பாலும் வேலை அல்ல, கூச்சம்.

சீட்டில் ஒரு ஆபத்து உண்டு: நாளும் இடமும் வாய் தவறும், பேச்சு நீளும். அதனால் தொடக்க வரியையும் நாள், நேரம், இடம் சொல்லும் வரியையும் மட்டும் பேச்சுநடையில் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுப்பகுதியைச் சீட்டுக்கு விடலாம். என் தேர்வு இதுதான். குழந்தைகளுக்குப் பெற்றோர் தர வேண்டிய அனுமதி விவரம் போலச் சொல் பிசகக் கூடாதது இருந்தால் மட்டும் முழு உரை.